மூடுபனியில் ஒரு மெகர் ரீடிங்

நாமக்கல் சமவெளியில் காரவள்ளியைத் தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. அவற்றைக் கடந்து செம்மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். அடிவாரத்தில் 35 டிகிரி வெயில் அடித்தாலும் மேலே காலை நேரத்தில் 18 டிகிரிதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பல நாள்கள் பத்து மணி வரை பனி கலையாது. சுற்றுலாப் பயணிக்கு அது அழகு. புதிதாகப் போட்ட கேபிளுக்கு மின்னூட்டம் கொடுக்க வந்திருக்கும் இளம் பொறியாளருக்கோ அந்தப் பனிதான் முதல் சோதனை.

கொல்லிமலையில் மின்வேலைக்குப் பஞ்சமில்லை. சிற்றூர்களுக்குப் போகும் 11 கே.வி. லைன்கள் இருக்கின்றன. தமிழ்நாடு மின்வாரியம் 20 மெகாவாட் திறனில் எடுத்த புனல்மின் திட்டமும் இந்த மலையில்தான். மேல்நிலைக் கம்பி போக முடியாத இடங்களிலும், துணைமின் நிலையத்திலிருந்து லைன் வெளியேறும் இடங்களிலும் நிலத்தடி கேபிள் போடுகிறோம். கேபிள் மண்ணுக்கடியில் பத்திரமாகக் கிடக்கும். அதன் இரண்டு முனைகள் மட்டும் கம்பத்தில் ஏறி, லக் மாட்டி, மழையிலும் பனியிலும் நிற்கும். இந்த முனையமைப்பைத்தான் டெர்மினேஷன் என்கிறோம். கேபிளில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கிருந்தும் இடையிலுள்ள ஜாயின்ட்களிலிருந்தும்தான் வருகிறது. காரணம் எளிது: கேபிள் தொழிற்சாலையில் இயந்திரம் செய்தது, டெர்மினேஷன் கம்பத்தடியில் கையால் செய்தது.

மின்னூட்டம் கொடுப்பதற்கு முன் செய்யும் காப்புத்தடைச் சோதனையை எல்லோரும் ‘மெகர் பார்ப்பது’ என்றே சொல்வார்கள். 1903இல் இங்கிலாந்தில் பதிவான ஒரு வணிகப் பெயர் அது. இன்று கருவிக்கே பெயராகிவிட்டது. மெகர் ரீடிங் குறைந்தால் கேபிள் கெட்டுவிட்டது என்றும், கூடினால் எல்லாம் சரி என்றும் புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறாகப் போகலாம். எப்போது, ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மெகர் எதை அளக்கிறது?

11 கே.வி. கேபிளுக்கு 5,000 வோல்ட் நேர்மின்னழுத்தம் தரும் மெகரைப் பயன்படுத்துகிறோம். ஒரு முனை கேபிளின் கடத்திக்கு, மறுமுனை எர்த் செய்த செப்புத் திரைக்கு. இரண்டுக்கும் நடுவே இருப்பது எக்ஸ்.எல்.பி.இ. காப்பு. கருவி அந்த வழியாகப் போகும் மின்னோட்டத்தை அளந்து, அழுத்தத்தை அதனால் வகுத்து, மெகாஓமில் காட்டுகிறது. ஆக மெகர் நேரடியாகப் பார்ப்பது மின்னோட்டத்தை மட்டுமே. அது எந்தப் பாதையில் போனது என்று கருவிக்குத் தெரியாது.

அந்த மின்னோட்டத்தில் மூன்று பங்குகள் உண்டு. முதலாவது, கேபிள் ஒரு மின்தேக்கி என்பதால் அதை நிரப்பப் போகும் மின்னோட்டம். சில நொடிகளில் அடங்கிவிடும். இரண்டாவது, காப்புப் பொருளின் மூலக்கூறுகள் மின்புலத்துக்கேற்பத் திரும்புவதால் எழும் உறிஞ்சல் மின்னோட்டம். நிமிடக்கணக்கில் மெல்லக் குறையும். மூன்றாவது கசிவு மின்னோட்டம். நேரம் போனாலும் இது மாறாது. நல்ல கேபிளில் முதல் இரண்டும் குறையக் குறைய ரீடிங் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அதனால்தான் எல்லோரும் ஒரே நேரத்தில், அதாவது ஒரு நிமிடம் முடிந்ததும், ரீடிங் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முள் முதல் நொடியே மேலேறாமல் ஒரே இடத்தில் நின்றாலோ, தடுமாறிக் கீழிறங்கினாலோ, கசிவு மின்னோட்டம் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது என்று பொருள்.

கசிவுக்கும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காப்பின் உடலைத் துளைத்துப் போவது. மற்றொன்று டெர்மினேஷனின் வெளிப்பரப்பில், லக்கிலிருந்து கீழே எர்த் வரை, ஊர்ந்து போவது. உலர்ந்த நாளில் இரண்டாவது வழி இல்லாதது போலத்தான். மலையில் பனி இறங்கும்போது கதை மாறுகிறது. இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்த டெர்மினேஷன், காலையில் சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்கும் கீழான வெப்பநிலையில் இருக்கும். அதன்மேல் நீர் படியும். நீர் மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. ஜாயின்டரின் கைவியர்வை உப்பு, சாலைப் புழுதி, கேஸ் டார்ச்சின் கரி எல்லாம் அந்த ஈரத்தில் கரைந்து மெல்லிய கடத்தும் படலமாகிவிடும்.

ஒரு கணக்கு

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். மூன்று கோர், 185 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், 11 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. கேபிள், 600 மீட்டர். அடிவாரக் கிடங்கில் டிரம்மில் இருந்தபோது, 35 டிகிரியில், ஆர் ஃபேஸ் ஒரு நிமிட ரீடிங் 4,000 மெகாஓம். மேலே கொண்டுபோய்ப் பதித்து, இரு முனையிலும் ஹீட் ஷ்ரிங்க் கிட் போட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு 18 டிகிரியில் பனிக்குள் நின்று மெகர் பார்க்கிறோம். ஆர் 60, ஒய் 75, பி 68 மெகாஓம்.

பதறுவதற்கு முன் எதிர்பார்க்க வேண்டிய ரீடிங் எவ்வளவு என்று கேட்க வேண்டும். கேபிளின் நீளம் மாறவில்லை. மாறியிருந்தால் அதற்கும் திருத்தம் வேண்டும். நீளம் இரட்டித்தால் கசியும் பரப்பும் இரட்டிப்பதால் காப்புத்தடை பாதியாகும். வெப்பநிலை 17 டிகிரி குறைந்திருக்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் காப்புத்தடை ஏறக்குறையப் பாதியாகும் என்பது களத்தில் வழங்கும் தோராய விதி. குறைந்தால் இரட்டிப்பாகும். அப்படியானால் 17 டிகிரிக்குச் சுமார் 3.2 மடங்கு. குளிரான மலையில் இந்தக் கேபிள் ஏறத்தாழ 13,000 மெகாஓம் காட்ட வேண்டும். குளிர்ச்சி ரீடிங்கை ஏற்றத்தான் செய்யும். அப்படியிருந்தும் இருநூறில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது என்றால் ஈரம் எங்கோ புகுந்திருக்கிறது. அது உள்ளேயா, வெளியேயா என்பதே கேள்வி.

முதல் குறிப்பு: மூன்று ஃபேஸும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருக்கின்றன. பதிக்கும்போது கல் குத்தியிருந்தால் பெரும்பாலும் ஒரு ஃபேஸ்தான் விழும். மூன்றும் ஒன்றாக இறங்கினால் மூன்றுக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். இரண்டாவது குறிப்பு: 15 நொடியில் 58, ஒரு நிமிடத்தில் 60, பத்து நிமிடத்தில் 57. ஏற்றமே இல்லை.

அடுத்ததாக, மெகரின் லீடுகளே கசியவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். லீடுகளைக் கம்பத்தையோ ஈரமான சுவரையோ தொடாமல் அந்தரத்தில் பிடித்து ஒருமுறை. இரண்டையும் சேர்த்து ஒருமுறை. முதலில் முடிவிலி, பிறகு சுழி.

இப்போதுதான் மெகரில் பலரும் தொடாமலே விட்டுவிடும் மூன்றாவது முனை வேலைக்கு வருகிறது. அதன் பெயர் கார்டு. காப்பு நீக்கிய மெல்லிய செப்புக் கம்பியை டெர்மினேஷனின் வெளிப்பரப்பில், லக்குக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் இறுக்கிக் கட்டி அதைக் கார்டு முனையில் மாட்டுகிறோம். ஈரப்பரப்பில் ஊரும் மின்னோட்டம் இந்தக் கம்பி வழியே, அளவியைத் தொடாமல், கருவிக்குத் திரும்பிவிடும். காப்பின் உடலைத் துளைத்துப் போவது மட்டும் அளவிக்குள் வரும். கார்டு கம்பியும் கிட்டத்தட்ட 5,000 வோல்ட்டில் நிற்கும் என்பதால் சோதனை நடக்கும்போது அதைத் தொடக்கூடாது.

அருகிலுள்ள முனையில் கார்டு போட்டதும் ஆர் ஃபேஸ் 60இலிருந்து 118 மெகாஓமுக்கு ஏறுகிறது. மெகாஓமை மைக்ரோஆம்பியராக மாற்றினால் விஷயம் தெளியும். 5,000 வோல்ட்டில் 60 மெகாஓம் என்றால் 83 மைக்ரோஆம்பியர். 118 என்றால் 42. அதாவது 41 மைக்ரோஆம்பியர் நமக்கு முன்னாலிருக்கும் டெர்மினேஷனின் மேல் ஊர்ந்து போயிருக்கிறது. மீதி 42இல் பெரும்பங்கு 600 மீட்டர் தள்ளியிருக்கும் மற்ற டெர்மினேஷனின் மேல் போகிறதா? அங்கேயும் அதே பனிதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கார்டை மறுமுனைக்குக் கொண்டுபோகத் தனிக்கம்பி இழுக்க வேண்டியதில்லை. ஒய் ஃபேஸ் கோரே கம்பியாகட்டும். இந்த முனையில் ஒய் கோரைக் கார்டோடு சேர்த்து, அந்த முனையில் ஒய் லக்கிலிருந்து ஆர் டெர்மினேஷனின் கார்டு கம்பிக்கு இணைப்புக் கொடுக்கிறோம். ஆர் ஃபேஸ் இப்போது 9,500 மெகாஓம். கசிவு அரை மைக்ரோஆம்பியர்தான். எதிர்பார்த்த 13,000 வெறும் தோராயம். அதன் பக்கத்தில் வந்துவிட்டதே போதும். கேபிளின் உடலும் டெர்மினேஷனின் உள்ளும் உலர்வாக இருக்கின்றன. கசிவு முழுவதும் வெளிப்பரப்பில்.

பனி கலைந்து வெயில் ஏறியபின் இரண்டு முனைகளையும் பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, உலரவிட்டு, கார்டு இல்லாமலே மறுபடியும் பார்க்கிறோம். பதினொரு மணிக்கு, 24 டிகிரியில்: 15 நொடியில் 4,200, ஒரு நிமிடத்தில் 7,000, பத்து நிமிடத்தில் 8,300. ரீடிங் ஏறுகிறது. எதையும் அறுக்கவில்லை, புது கிட் வாங்கவில்லை.

பத்து நிமிட ரீடிங்கை ஒரு நிமிட ரீடிங்கால் வகுத்தால் இங்கே 1.2 வருகிறது. மோட்டார் சுருணையில் இந்த விகிதம் 2 இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் இதைப் பார்த்துக் கேபிளைக் குறை சொல்வதுண்டு. எக்ஸ்.எல்.பி.இ.யில் உறிஞ்சல் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆகவே விகிதம் ஒன்றை ஒட்டியே இருக்கும். மோட்டாரின் அளவுகோலைக் கேபிளுக்கு வைக்கக்கூடாது.

கார்டு இரு முனையிலும் போட்டபின்னும் ரீடிங் அறுபதிலேயே நின்றிருந்தால்? அப்போது ஈரம் உள்ளே இருக்கிறது. டிரம்மில் கேபிள் முனையின் மூடி கழன்று மழை நீர் கடத்தியின் இழைகளுக்கு இடையே இறங்கியிருக்கலாம். பனி பெய்யும்போதே ஜாயின்டர் கிட் போட்டு ஈரத்தை உள்ளே வைத்துச் சுருக்கியிருக்கலாம். துடைப்பதும் வெயிலில் காயவைப்பதும் அங்கே பலிக்காது. டெர்மினேஷனை அறுத்து, இழைகளைப் பிரித்து, நீர் தெரிகிறதா என்று பார்த்து, உலர்ந்த இடம் வரும்வரை கேபிளை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.

மெகருக்குத் தெரியாத பிழை

இனி மறுபக்கம். ரீடிங் 7,000 மெகாஓம் வந்துவிட்டது, சுவிட்சைப் போடலாமா? போட முடியாது. டெர்மினேஷனில் உயிரைக் குடிக்கும் பிழைகளில் சிலவற்றை மெகர் பார்க்கவே பார்க்காது.

எக்ஸ்.எல்.பி.இ. காப்பின் மேல் செமிகான் என்னும் கறுப்பு அரைக்கடத்திப் படலம் இருக்கிறது. கேபிளின் நீளம் முழுவதும் மின்புலம் கடத்திக்கும் இந்தப் படலத்துக்கும் இடையே சீராகப் பரவியிருக்கும். டெர்மினேஷன் செய்ய அந்தப் படலத்தை ஓரிடத்தில் வட்டமாக வெட்டி நீக்கியாக வேண்டும். வெட்டிய விளிம்பில் மின்புலக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு குவிகின்றன. கிட்டில் வரும் ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் குழாயின் வேலையே அந்தக் குவியலைக் கலைத்து நீளவாக்கில் பரப்புவதுதான். ஜாயின்டரின் கத்தி செமிகானோடு நிற்காமல் காப்பிலும் அரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டால், அந்தக் கீறலில் காற்று அடைபடும். எக்ஸ்.எல்.பி.இ.யின் மின்கடவுத்திறன் காற்றைப்போல் 2.3 மடங்கு என்பதால், புலத்துக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய காற்றிடைவெளியில் புலம் அதே 2.3 மடங்காகிறது. விளிம்பின் குவியலும் இதுவும் சேரும்போது அந்தக் காற்று ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் பொறி விடும். நொடிக்குப் பலநூறு சிறு பொறிகள் காப்பை அரித்துக்கொண்டே போகும். மாதங்கள் கழித்து ஒரு நாள் டெர்மினேஷன் வெடிக்கும்.

இதை மெகர் ஏன் காட்டுவதில்லை? மெகர் தருவது 5,000 வோல்ட். லைனில் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 6,350 வோல்ட். அதன் உச்சம் சுமார் 9,000. மெகரின் அழுத்தம் கேபிள் அன்றாடம் தாங்க வேண்டியதைவிடக் குறைவு. அத்துடன் நேர்மின்னழுத்தத்தில் புலம் பொருள்களின் தடைக்கேற்பப் பங்கிடப்படுகிறது, மாறுமின்னழுத்தத்தில் மின்கடவுத்திறனுக்கேற்ப. கீறலுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் நல்ல காப்பு இருக்கும்வரை மெகர் நிறைவான ரீடிங்கே காட்டும்.

இந்தப் பிழையைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், அதுவும் குழாய் சுருங்கி மூடுவதற்கு முன். ஜாயின்டர் செமிகானை நீக்கி முடித்ததும் “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, பார்த்துக்கறேன்” என்று சொல்லத் தயங்கக்கூடாது. டார்ச் அடித்து, வெட்டு விளிம்பில் பல் இருக்கிறதா, காப்பின் மேல் வளையக் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தேய்க்கும் தாள் அலுமினியம் ஆக்சைடு வகையாக இருக்க வேண்டும். கடத்தும் துகள் விடும் தாள் ஆகாது. துடைக்கும்போது கை போகும் திசையையும் கவனிக்க வேண்டும். லக் பக்கத்திலிருந்து செமிகானை நோக்கி ஒரே வீச்சு, பிறகு துணியை மாற்ற வேண்டும். செமிகானைத் தொட்ட துணி மறுபடியும் வெள்ளைக் காப்பின் மேல் வந்தால் கரியைப் பூசிவிட்டுப் போகும். விளிம்பில் சுற்றும் மஞ்சள் நிற மாஸ்டிக் படிமட்டத்தை முழுக்க நிரப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே காற்று தங்கக்கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் சுருங்கியபின் சான்று அந்தப் படம் மட்டுமே.

லக் அழுத்தமும் இப்படித்தான். தளர்வாகக் கிரிம்ப் செய்த லக் சுமை ஏறியதும் சூடாகி உருகும். காப்புத்தடைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாததால் மெகர் வாயே திறக்காது. கேபிள் அளவும் டையின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா, அலுமினியக் கேபிளைச் செப்பு முனையில் மாட்டும் இடத்தில் பைமெட்டல் லக் வந்திருக்கிறதா, லக்கின் கழுத்தில் நீர்க்காப்பு மாஸ்டிக் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். மலையில் கடைசியாகச் சொன்னது முக்கியம். அந்தக் கழுத்து வழியே இறங்கும் நீர்தான் அடுத்த பருவமழையில் மெகர் ரீடிங்கை உள்ளிருந்து இறக்கும். வெளிப்புறக் கிட்டுக்குக் குடை வடிவத் தட்டுகள் உண்டு, உட்புறக் கிட்டுக்கு இல்லை. கிடங்கில் இருந்ததை எடுத்து வந்து மாட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

கண்ணுக்கும் தப்பியதைப் பிடிக்க உயர்மின்னழுத்தச் சோதனை இருக்கிறது. கள வேலைக்கு 0.1 ஹெர்ட்ஸில் இயங்கும் வி.எல்.எஃப். கருவி வசதியானது. மின்தேக்கிக்குத் தேவைப்படும் திறன் அதிர்வெண்ணோடு ஏறுவதால், 50 ஹெர்ட்ஸை 0.1 ஆக்கினால் அதே அழுத்தத்துக்கு ஐந்நூறில் ஒரு பங்கு திறன் போதும். ஜீப்பில் ஏற்றி வளைவுகளைத் தாண்டிக் கொண்டுவர முடிகிற கருவியாக அது இருப்பது இதனால்தான். அழுத்தமும் நேரமும் ஒப்பந்த விவரக்குறிப்பில் உள்ளபடி. அந்தச் சோதனைக்கு முன்னும் பின்னும் மெகர் பார்க்க வேண்டும். பின்னால் எடுத்த ரீடிங் இறங்கியிருந்தால் கேபிள் தேறவில்லை.

சுவிட்சுக்கு முன்

மெகரை நிறுத்தியதும் கேபிள் மின்னூட்டத்தோடு கிடக்கிறது. நம் உதாரணக் கேபிளின் மின்தேக்குத்திறன் சுமார் 0.2 மைக்ரோஃபாரட், 5,000 வோல்ட்டில் அது சேர்த்து வைத்திருப்பது 2.5 ஜூல். கம்பத்தில் நிற்பவரை உதறிக் கீழே தள்ள அது போதும். டிஸ்சார்ஜ் ராட் ஒருமுறை தொட்டால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. காப்பு உறிஞ்சிய மின்னூட்டம் மெல்ல வெளிவந்து கேபிளை மறுபடியும் நிரப்பும். சோதனை நடந்த நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரமாவது எர்த் போட்டு வையுங்கள்; பத்து நிமிடச் சோதனை என்றால் நாற்பது நிமிடம். வளைவுக்கு அப்பால் இருக்கும் மறுமுனை கண்ணுக்குத் தெரியாது, செல்போன் சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே அங்கே ஓர் ஆள் நிற்காமல் மெகர் பொத்தானைத் தொடக்கூடாது.

மின்னூட்டம் கொடுப்பதற்கு முன் கார்டு கம்பிகள், இணைப்புக் கம்பிகள், தற்காலிக எர்த் மூன்றையும் எண்ணி அகற்ற வேண்டும். ஆர் என்று கட்டியது அந்த முனையிலும் ஆர்தானா என்று தொடர்ச்சி பார்க்க வேண்டும். எல்.சி. எழுத்தில் திரும்ப வந்திருக்க வேண்டும், மின் ஆய்வாளரின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

முடிவெடுப்பது இப்படி அமையட்டும். ஒவ்வொரு கட்டத்தின் படமும் சரி, உலர்ந்த பரப்பில் ரீடிங் ஏறுமுகம், உயர்மின்னழுத்தச் சோதனைக்குப்பின் இறக்கமில்லை என்றால் மின்னூட்டம் கொடுக்கலாம். ரீடிங் நன்றாக இருந்து படம் இல்லை என்றால் அந்த டெர்மினேஷனைச் சோதிக்காததாகவே கருதுங்கள். ரீடிங் மோசம், ஆனால் கார்டு போட்டதும் ஏறுகிறது என்றால் துடைத்துக் காயவைத்து மறுபடியும் பாருங்கள். கார்டு போட்டும் ஏறவில்லை என்றால் அறுத்துப் புதிதாகப் போடுங்கள்.

சோதனைத் தாளில் மெகாஓமை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், நேரம், கார்டு இருந்ததா இல்லையா, 15 நொடி, ஒரு நிமிடம், பத்து நிமிடம் என்ற மூன்று ரீடிங்குகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்த ஐப்பசியில் அதே லைன் டிரிப் ஆகி வேறொரு பொறியாளர் பனிக்குள் நின்று 60 மெகாஓமைப் பார்க்கும்போது, அது பரப்பின் ஈரமா, உள்ளே இறங்கிய நீரா என்று அவர் பிரித்தறிய உதவுவது அந்தத் தாள்தான்.